எம்ஏஎச் எண்ணை வாட் மணியாக மாற்றும்போது எந்த வோல்ட்டால் பெருக்க வேண்டும்?

கேள்வி: அடுத்த மாதம் சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்கிறேன். என்னிடம் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றும் 30,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றும் இருக்கின்றன. விமானத்தில் 100 வாட் மணி வரைதான் விடுவார்கள் என்கிறார்கள். இதை எப்படிக் கணக்கிடுவது? இன்னொரு சந்தேகம்: என் போன் 5,000 எம்ஏஎச். அப்படியானால் 20,000 பவர் பேங்க் நான்கு முறை சார்ஜ் ஏற்ற வேண்டுமே, ஏன் மூன்று முறைகூட முழுதாக வருவதில்லை?

பதில்:

உங்கள் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட் மணி. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம். 30,000 எம்ஏஎச் பவர் பேங்க் 111 வாட் மணி. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறாமல் அதைக் கொண்டுபோக முடியாது. இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றுதான்:

```
Wh = mAh × V ÷ 1000
```

பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. V என்ற இடத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எம்ஏஎச் என்பது பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டத்தை எத்தனை நேரத்துக்கு எடுக்கலாம் என்பதை மட்டுமே சொல்லும் அளவு. அந்த மின்னோட்டம் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அது சொல்லாது. மொட்டைமாடித் தொட்டியில் உள்ள ஆயிரம் லிட்டர் தண்ணீரும் தரையோடு இருக்கும் தொட்டியில் உள்ள ஆயிரம் லிட்டரும் அளவில் ஒன்றே என்றாலும், குழாயைத் திறந்தால் மேலிருந்து வரும் தண்ணீருக்குத்தான் வேகம் அதிகம். அந்த உயரத்தின் இடத்தில் இங்கே இருப்பது வோல்ட். இரண்டையும் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். அதைத்தான் வாட் மணி என்கிறோம். இது நமக்குப் புதிய அலகு அல்ல. மின் வாரியம் ஒரு யூனிட் என்று கணக்கிடுவது ஆயிரம் வாட் மணியைத்தான். அந்தக் கணக்கில் உங்கள் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வைத்திருப்பது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரம்.

இப்போது வோல்ட்டுக்கு வருவோம். பவர் பேங்கின் பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் 20,000 என்ற எண் உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் கொள்ளளவு. யூஎஸ்பி துளை வழியாக வெளியே வரும் மின்சாரத்தின் அளவு அன்று. லித்தியம் செல் ஒன்று முழுதாகச் சார்ஜ் ஆனபோது 4.2 வோல்ட்டிலும், ஏறத்தாழத் தீர்ந்துபோகும் நேரத்தில் 3 வோல்ட்டிலும் இருக்கும். இடைப்பட்ட நேரத்தின் பெரும்பகுதியை அது 3.7 வோல்ட்டை ஒட்டியே கழிப்பதால், அதையே செல்லின் பெயரளவு வோல்ட்டாகத் தயாரிப்பாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண பவர் பேங்கில் எத்தனை செல்கள் இருந்தாலும் அவை பக்க இணைப்பில் இருக்கும். அதனால் எம்ஏஎச் கூடிக்கொண்டே போகும், வோல்ட் 3.7 ஆகவே நிற்கும். 20,000 × 3.7 ÷ 1000 = 74 என்ற கணக்கு அப்படி வருவதுதான். 100 வாட் மணி எல்லையை இதே வோல்ட்டால் வகுத்துப் பார்த்தால் 27,027 எம்ஏஎச் வரும். கடைகளில் 26,800, 27,000 என்ற விசித்திரமான எண்களோடு பவர் பேங்குகள் விற்கப்படுவதற்கு இதுதான் காரணம். அவை விமானப் பயணத்தை மனத்தில் வைத்தே அந்த அளவில் நிறுத்தப்பட்டவை.

எல்லாச் செல்லும் 3.7 அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில தயாரிப்பாளர்கள் 3.6 என்று அச்சிடுகிறார்கள். இப்போதைய போன் பேட்டரிகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்த வோல்ட் வரை சார்ஜ் ஆவதால் அவற்றில் 3.85 முதல் 3.89 வரை குறிப்பிடப்பட்டிருக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைச் செல் என்றால் 3.2 வோல்ட்தான், அந்த வகையில் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 37 அல்ல, 32 வாட் மணி. ஆகவே 3.7 என்பது லேபிளில் வேறு எண் எதுவும் இல்லாதபோது எடுத்துக்கொள்ள வேண்டியது. லேபிளில் எண் இருந்தால் அந்த எண்ணுக்கே முதலிடம்.

உங்கள் பவர் பேங்கைத் திருப்பிப் பின்பக்கத்தையோ அடிப்பக்கத்தையோ வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பொடி எழுத்துகளாக ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
Capacity: 20000mAh 3.7V (74Wh)
Rated Capacity: 12000mAh (5V 3A)
Output: 5V 3A / 9V 2.22A / 12V 1.67A
```

இந்த மூன்று வரிகளில் மூன்று விதமான வோல்ட் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. முதல் வரி செல்லைப் பற்றியது. இரண்டாவது வரி, 5 வோல்ட்டாக மாற்றி வெளியே அனுப்பும்போது உண்மையில் கிடைக்கும் அளவைச் சொல்கிறது. மூன்றாவது வரி, போனுக்குத் தகுந்தபடி பவர் பேங்க் எந்தெந்த வேகத்தில் மின்சாரம் கொடுக்கும் என்பதைக் காட்டுகிறது. விமானப் பயணத்துக்கு வேண்டியது முதல் வரி மட்டுமே, ஏனென்றால் தீப்பிடித்தால் எரியப்போவது செல்லில் சேர்ந்திருக்கும் ஆற்றல்.

முதல் வரியின் எம்ஏஎச்சை மூன்றாம் வரியின் வோல்ட்டால் பெருக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 20,000 × 5 என்று போட்டால் 100 வாட் மணி வரும். 20,000 × 9 என்று போட்டால் 180 வரும். அதாவது முற்றிலும் அனுமதிக்கப்பட்ட பவர் பேங்க் தடை செய்யப்பட்ட பொருளாகத் தோன்றும். பாதுகாப்புச் சோதனை மேசையில் யாராவது இப்படிக் கணக்கிட்டால் பதற்றப்பட வேண்டாம்; அடைப்புக்குறிக்குள் இருக்கும் 74Wh என்ற எழுத்தைக் காட்டினால் போதும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. இரண்டாம் வரியில் உள்ள 12,000-ஐ 3.7 ஆல் பெருக்கி 44 வாட் மணி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 12,000 என்ற எண் 5 வோல்ட்டோடு பிறந்தது. அதை 5 ஆல்தான் பெருக்க வேண்டும். ஒவ்வொரு எம்ஏஎச் எண்ணுக்கும் அதே வரியில் அதற்கான வோல்ட் இருக்கிறது. ஒரு வரியின் எண்ணை இன்னொரு வரியின் வோல்ட்டோடு சேர்க்காதீர்கள்.

மடிக்கணினிக்கான பெரிய பவர் பேங்குகளில் செல்கள் தொடர் இணைப்பில் இருக்கலாம். அப்போது வோல்ட் கூடி, எம்ஏஎச் குறையும். நான்கு 3.6 வோல்ட் தொகுதிகளைத் தொடராக இணைத்த ஒன்றில் 6,700 எம்ஏஎச், 14.4 வோல்ட் என்று இருக்கும். பார்ப்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றினாலும் பெருக்கினால் 96.48 வாட் மணி. 26,800 எம்ஏஎச்சை 3.6 ஆல் பெருக்கினாலும் அதே 96.48 தான். சில நிறுவனங்கள் ஒரே பொருளுக்கு இரண்டு எண்களையும் அச்சிடுகின்றன; பெட்டியில் ஒன்றும் பவர் பேங்கின் உடலில் மற்றொன்றும் இருந்தால் போலி என்று முடிவு கட்டிவிடாமல் வாட் மணியை ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய போன்கள் சிலவற்றிலும் வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதற்காக இரண்டு செல்களைத் தொடராக இணைக்கிறார்கள். விளம்பரத்தில் 4,500 எம்ஏஎச் என்று சொல்லப்படும் போனின் பேட்டரியில் 2,250 எம்ஏஎச், 7.74 வோல்ட் என்று இருப்பது அதனால்தான். இரண்டும் ஏறத்தாழ 17.4 வாட் மணியே.

இனி விதிகள். பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் ஏற்பாட்டின்படி 100 வாட் மணி வரை உள்ள பவர் பேங்குக்குத் தனி அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணியர் கொண்டுபோகவே முடியாது. பவர் பேங்க் உதிரி பேட்டரியாகக் கருதப்படுவதால், எந்த அளவாக இருந்தாலும் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். கேபினில் புகை வந்தால் ஊழியர்கள் உடனே கவனிப்பார்கள், சரக்குப் பகுதியில் அது தாமதமாகத்தான் தெரியவரும் என்பதே காரணம். 100 வாட் மணி என்பது ஒவ்வொரு பவர் பேங்குக்கும் தனித்தனியான எல்லை. கையில் இருப்பவற்றை எல்லாம் கூட்டிப் பார்க்கும் கணக்கு அல்ல. எத்தனை கொண்டுபோகலாம் என்பதை மட்டும் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. எமிரேட்ஸ், 2025 அக்டோபர் 1 முதல் 100 வாட் மணிக்குட்பட்ட ஒன்றை மட்டுமே அனுமதித்து, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையும் தடை செய்தது. நீங்கள் செல்லும் சிங்கப்பூர்த் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2025 ஏப்ரல் 1 முதல் பயணத்தின்போது பவர் பேங்கால் போனைச் சார்ஜ் செய்வதையும், இருக்கையிலுள்ள யூஎஸ்பி துளையில் பவர் பேங்கைச் சார்ஜ் செய்வதையும் நிறுத்திவிட்டது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நின்றபடியே எரிந்ததற்குப் பிறகு இத்தகைய கட்டுப்பாடுகள் இறுகி வருவதால், பழைய பயண அனுபவத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

லேபிள் அழிந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அதிகாரியால் சரிபார்க்க முடியாத பவர் பேங்கை எடுத்து வைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு; சீன விமான நிலையங்களில் இதை மிகக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். லேபிள் இருந்தும் அதை நம்ப முடியாத நிலையும் இருக்கிறது. சந்தையில் மலிவாக விற்கும் 50,000 எம்ஏஎச் பவர் பேங்கை அதன் எடையை வைத்தே சோதித்துவிடலாம். பவர் பேங்குகளில் பரவலாகப் பயன்படும் 18650 என்ற உருளைச் செல்லின் எடை 45 முதல் 50 கிராம். அதன் உச்சக் கொள்ளளவு ஏறத்தாழ 3,500 எம்ஏஎச். அப்படியானால் 50,000 எம்ஏஎச்சுக்குக் குறைந்தது 15 செல்கள் வேண்டும். செல்களின் எடை மட்டுமே 650 கிராமைத் தாண்ட வேண்டும். தட்டையான பாலிமர் செல்களாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சமையலறைத் தராசில் வைத்தால் 300 கிராம் காட்டும் பவர் பேங்க் ஒருநாளும் 50,000 ஆக இருக்க முடியாது. அதோடு, அந்த லேபிளை உண்மை என்று எடுத்துக்கொண்டால் அது 185 வாட் மணி. விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். பொய்யான எண்ணுக்காகப் பறிமுதல் செய்யப்படும் பொருளை வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை.

அடுத்து உங்கள் இரண்டாவது சந்தேகம். 20,000-ஐ 5,000 ஆல் வகுத்து நான்கு என்று சொல்வதில், இரண்டு எண்களும் வெவ்வேறு வோல்ட்டில் எழுதப்பட்டவை என்பது மறைந்துவிடுகிறது. இடையே ஏற்படும் இழப்பும் மறைந்துவிடுகிறது. இரண்டையும் வாட் மணியாக்கிப் பார்ப்போம். பவர் பேங்கின் செல்களில் 74 வாட் மணி இருக்கிறது. 3.7 வோல்ட்டை 5 அல்லது 9 வோல்ட்டாக உயர்த்தும் சுற்று ஒன்று உள்ளே இருக்கிறது. அது சூடாவதில் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். லேபிளின் இரண்டாம் வரி இதைத்தான் சொல்கிறது: 12,000 × 5 ÷ 1000 = 60 வாட் மணி. 74-இல் 60 என்பது ஏறத்தாழ 81 சதவீதம். நல்ல பவர் பேங்குகளில் இது 80 முதல் 90 சதவீதம் வரை இருக்கும். இந்த 60 வாட் மணியும் அப்படியே போனின் பேட்டரியில் போய்ச் சேர்வதில்லை. வருகிற வோல்ட்டைப் போன் மீண்டும் தன் செல்லுக்கு ஏற்ற அளவுக்கு இறக்குகிறது. கேபிளிலும் கொஞ்சம் வீணாகிறது. அதற்குப் பத்து சதவீதம் கழித்தால் 54 வாட் மணி மிஞ்சும். உங்கள் போன் 5,000 × 3.87 ÷ 1000, அதாவது 19.35 வாட் மணி. 54-ஐ இதனால் வகுத்தால் 2.8 வருகிறது. மூன்று முறைகூட முழுதாக வருவதில்லை என்று நீங்கள் கண்டது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. உங்கள் பவர் பேங்க் ஏமாற்றவில்லை. சார்ஜ் ஏறும்போதே வீடியோ பார்த்தால் இன்னும் குறையும். கேபிள் இல்லாமல் மேலே வைத்துச் சார்ஜ் ஏற்றினால் கணிசமாகக் குறையும்.

இதை நேரில் சரிபார்க்க விரும்பினால், பவர் பேங்குக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் சிறிய யூஎஸ்பி மீட்டர் ஒன்றை வாங்குங்கள். அதன் திரையில் வோல்ட், ஆம்பியர், எம்ஏஎச், வாட் மணி ஆகிய நான்கும் ஓடும். அதில் எம்ஏஎச்சைப் பார்ப்பதுதான் பலரையும் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்கிறது. போன் வேகச் சார்ஜுக்காக 9 வோல்ட் கேட்டால், அதே 60 வாட் மணி திரையில் 6,600 எம்ஏஎச் என்ற அளவிலேயே தெரியும். 20,000 என்று விற்றதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று கோபம் வரும். 5 வோல்ட்டில் சார்ஜ் செய்தால் அதே பவர் பேங்க் 12,000 காட்டும். இரண்டு முறையும் வாட் மணி எண் ஏறத்தாழ 60 ஆகவே இருக்கும். ஆகவே ஒரே ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வதென்றால் வாட் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது லேபிளின் இரண்டாம் வரியைவிட மிகவும் குறைந்து, எடுத்துக்காட்டாக 40 என்று வந்தால், செல்கள் தேய்ந்துவிட்டன அல்லது எழுதிய அளவு தொடக்கத்திலிருந்தே இல்லை என்று பொருள்.

பெட்டியில் வாட் என்று மட்டும் போட்டிருக்கும் எண்ணை வாட் மணியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 22.5 வாட், 65 வாட் என்பவை மின்சாரம் எவ்வளவு வேகமாக வெளியே வரும் என்பதைச் சொல்பவை. எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 65 வாட் பவர் பேங்க் 37 வாட் மணியாகவும் இருக்கலாம், 111 வாட் மணியாகவும் இருக்கலாம். விமானத்துக்கு அந்த எண் பொருட்டே அல்ல. மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்ற நினைத்தால் மட்டும் அதைப் பார்க்க வேண்டும்: 50 வாட் மணி பேட்டரி கொண்ட மடிக்கணினிக்கு உங்கள் 20,000 எம்ஏஎச்சில் ஒரு முறைக்குப் போதுமான ஆற்றல் இருந்தாலும், வேகம் 20 வாட்டுக்குள் இருந்தால் மடிக்கணினி அதை ஏற்காமலே போகலாம்.

உங்கள் பயணத்துக்கு 30,000 எம்ஏஎச் தேவையா என்பதையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். நாளொன்றுக்குப் போனை ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்தால் பவர் பேங்கிலிருந்து வெளியேறுவது 21 அல்லது 22 வாட் மணி. வெளியே வரும் 60 வாட் மணியில் ஏறத்தாழ மூன்று நாள் ஓடும். விடுதியில் இரவு அதைச் சார்ஜில் போட்டுவிட்டால் மறுநாள் மீண்டும் முழுதாக இருக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால், உங்கள் விமான நிறுவனம் இரண்டை அனுமதிக்கும் பட்சத்தில், 37 வாட் மணி உள்ள ஒரு 10,000 எம்ஏஎச்சைக் கூடவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒப்புதல் தேவைப்படாது. 30,000-ஐத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால், 111 வாட் மணி என்ற எண்ணைக் குறிப்பிட்டு, லேபிளின் படத்தையும் இணைத்து, விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வரும் ஒப்புதலைப் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், அச்செடுத்து, செக்-இன் கவுண்டரிலும் பாதுகாப்புச் சோதனையிலும் கையில் வைத்திருங்கள்.